அண்ணனின் குறுக்கு வழி

அண்மையில் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்களாக எமது மேசையை விட்டு அகலாது கிடந்தது. எழுதியவர் உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் ஒரு மாணவி. பெரிய வலுக்களின் இறுதி இரண்டு இலக்கங்களைக் காண்பதற்கு அவருடைய அண்ணன் ஒரு குறுக்கு வழியைச் சொல்லிக் கொடுத்தாராம். 3¹¹² என்னும் எண் எந்த இரண்டு இலக்கங்களில் முடியும்? "சுட்டியின் இறுதி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள், மற்றதைத் தள்ளிவிடு" என்கிறார் அண்ணன். அவ்வாறு தள்ளினால் 112 வெறும் 12 ஆகிறது. 3¹² = 531441. ஆகவே 3¹¹² உம் 41 இல் முடியவேண்டும். தங்கை பொறுமையோடு பெருக்கிப் பார்த்தார், அவ்வாறே முடிந்தது. 7, 13, 19 ஆகியவற்றைக் கொண்டும் சோதித்தார், வழி பிழைக்கவில்லை.

பிறகு அவர் தாமாகவே ஒரு படி மேலே போனார். இறுதி ஒரே இலக்கந்தான் வேண்டுமென்றால் சுட்டியிலும் இறுதி ஒரே இலக்கத்தை வைத்துக்கொள்ளலாமே! 3¹² இல் சுட்டி 12; அதை 2 ஆக்கினால் 3² = 9. ஆனால் 531441 முடிவதோ 1 இல். இங்கே வழி தவறிவிட்டது. அடுத்து 2¹⁰¹ ஐ எடுத்தார். அண்ணனின் வழிப்படி அது 2¹ ஐப் போல 02 இல் முடியவேண்டும்; உண்மையில் அது 52 இல் முடிகிறது. "அண்ணன் சொன்னது ஒரு விதியா, அன்றித் தற்செயலாகப் பொருந்தியதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

வினா சிறியதாயினும் விடை சற்று ஆழத்திலே இருக்கிறது. ஆதலால் இவ்வார இடம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகின்றோம். நேயர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் அருகில் வைத்துக்கொள்வது நன்று.

முதலில் ஒரே ஓர் இலக்கத்தோடு தொடங்குவோம். ஓர் எண்ணின் இறுதி இலக்கம் என்பது அதனை 10 ஆல் வகுத்தால் எஞ்சும் மீதியே. இரண்டு எண்களைப் பெருக்கும்போது, பெருக்கத்தின் இறுதி இலக்கத்தை அவ்விரண்டின் இறுதி இலக்கங்கள் மட்டுமே தீர்மானிக்கின்றன. பத்து, நூறு ஆகிய இடங்களில் நிற்பவை அதில் தலையிடுவதில்லை. எனவே 3 இன் வலுக்களைப் பின்தொடர விரும்புவோர் ஒவ்வொரு படியிலும் இறுதி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகலாம்: 3, 9, 7, 1, மீண்டும் 3, 9, 7, 1. நான்கு படிகளுக்கு ஒருமுறை 1 வருகிறது. 1 வந்தவுடன் கதை தொடக்கத்திலிருந்து மீளவும் நடக்கிறது. 7 ஐ எடுத்தால் 7, 9, 3, 1. 9 ஐ எடுத்தால் 9, 1, 9, 1. இவற்றுள் தோன்றும் இலக்கங்கள் யாவை என்று நோக்குங்கள்: 1, 3, 7, 9. இந்நான்கையும் விட்டு வேறெதுவும் தலைகாட்டவில்லை.

இந்நான்கிற்கும் உள்ள ஒற்றுமை யாது? இவை 10 ஐவிடச் சிறியவை. 1 ஐத் தவிர வேறெந்தக் காரணியையும் 10 உடன் பகிர்ந்துகொள்ளாதவை. 2, 4, 6, 8 ஆகியவை 10 உடன் 2 என்னும் காரணியைப் பகிர்கின்றன. 5 அவ்வாறே 5 ஐப் பகிர்கிறது. எஞ்சியவை நான்கு. இந்த எண்ணிக்கையைத்தான் கணித நூல்கள் φ(10) = 4 என்று எழுதுகின்றன. φ என்பது கிரேக்க எழுத்து. 'பை' என்று வாசிக்கலாம். n என்பது எவ்வெண்ணாயினும், 1 முதல் n வரையுள்ள எண்களுள் n உடன் பொதுக்காரணி இல்லாதவை எத்தனை என்பதே φ(n). 1 என்னும் எண்ணும் இக்கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடலாகாது.

சிறிய எண்ணாயின் விரல்விட்டு எண்ணலாம். பெரிய எண்ணாயின் ஒரு வழி உண்டு. 60 ஐ எடுத்துக்கொள்வோம். அதன் முதன்மைக் காரணிகள் 2, 3, 5. முதலில் 1 முதல் 60 வரை உள்ளவற்றுள் இரட்டை எண்களை நீக்கினால் பாதி போய் 30 எஞ்சும். எஞ்சிய ஒற்றை எண்களை 1, 3, 5, 7, 9, 11 என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்: மூன்றுக்கு ஒன்று 3 இன் மடங்காக இருக்கும். ஆகவே 30 இல் மூன்றிலொரு பங்கு நீங்கி 20 எஞ்சும். அந்த 20 இல் ஐந்திலொரு பங்கு 5 இன் மடங்கு. அவை நான்கும் நீங்கினால் எஞ்சுவது 16. எனவே φ(60) = 16. ஐயமுள்ளவர்கள் எழுதிச் சரிபார்க்கலாம்: 1, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 49, 53, 59.

இந்தப் பட்டியலில் 49 இருப்பதைக் கண்டு மாணவர் சிலர் திடுக்கிடுவர். 49 முதன்மை எண் அன்றே என்பர். உண்மை, அது 7 × 7. ஆனால் நாம் முதன்மை எண்களைத் தேடவில்லை. 60 உடன் உறவில்லாத எண்களையே தேடுகின்றோம். 7 ஆனது 60 இன் காரணி அன்று. ஆகவே 49 க்கும் 60 க்கும் உறவில்லை. மறுபுறம் 2, 3, 5 ஆகியவை முதன்மை எண்களாயிருந்தும் இங்கே இடம்பெறவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகளே விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படுவன.

இன்னொரு பிழையும் உண்டு. 100 = 2 × 2 × 5 × 5 என்பதால் இருமுறை பாதியாக்கி, இருமுறை ஐந்திலொரு பங்கை நீக்கி, 16 என்று விடை தருவோர் உளர். ஒரே முதன்மைக் காரணி எத்தனை முறை வந்தாலும் அதன் மடங்குகளை ஒருமுறைதான் நீக்கமுடியும். இரட்டை எண்களை ஒருமுறை துரத்திய பின்னர் மீண்டும் துரத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? 100 இல் பாதி 50; அதில் ஐந்திலொரு பங்கு நீங்க 40. φ(100) = 40. ஒவ்வொரு பத்திலும் 1, 3, 7, 9 இல் முடியும் நான்கு எண்கள், அத்தகைய பத்துகள் பத்து என்று எண்ணினாலும் அதே 40 கிடைக்கும்.

இனி, வலுக்கள் ஏன் 1 க்குத் திரும்பி வருகின்றன என்பதற்கு வருவோம். இதுவே இன்றைய பொருளின் உயிர்நிலை. சற்று மெதுவாகவே நடப்போம்.

1, 3, 7, 9 ஆகிய நான்கையும் 3 ஆல் பெருக்குங்கள். 3, 9, 21, 27 வரும். இறுதி இலக்கங்கள் 3, 9, 1, 7. அதே நான்கு இலக்கங்கள், வேறு வரிசையில் நிற்கின்றன! இது தற்செயலன்று. 10 உடன் உறவில்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் 10 உடன் உறவில்லாததே. ஆகவே பெருக்கம் அந்நால்வரின் வட்டத்தை விட்டு வெளியே போகாது. மேலும், வெவ்வேறான இருவர் பெருக்கிய பின் ஒரே இடத்துக்கு வந்து சேரவும் மாட்டார்கள். சேர்ந்தார்களாயின் அவர்களுக்கிடையேயுள்ள வித்தியாசத்தை 3 ஆல் பெருக்கியது 10 ஆல் வகுபடும். 3 க்கும் 10 க்கும் பொதுக்காரணி இல்லாமையால் வித்தியாசமே 10 ஆல் வகுபடவேண்டும். 10 ஐவிடச் சிறிய இரண்டு வெவ்வேறு எண்களின் வித்தியாசம் எவ்வாறு 10 ஆல் வகுபடும்? ஆகவே நால்வரும் தத்தம் நாற்காலிகளை மாற்றிக்கொள்கிறார்களேயன்றி ஒருவரும் வெளியேறவுமில்லை, ஒரே நாற்காலியில் இருவர் அமரவுமில்லை.

நாற்காலி மாறினாலும் ஆட்கள் அவர்களே. ஆதலால் நால்வரையும் ஒன்றாகப் பெருக்கிய பெருக்கத்தின் இறுதி இலக்கமும் மாறாது. மாற்றத்துக்கு முன் பெருக்கம் 1 × 3 × 7 × 9 = 189. மாற்றத்துக்குப் பின் ஒவ்வொன்றிலும் ஒரு 3 கூடுதலாக ஒட்டியிருக்கிறது. ஆகவே அது 3⁴ × 189. இரண்டும் ஒரே இலக்கத்தில் முடிகின்றன. 189 உம் 10 உடன் உறவில்லாதது. அதனை இருபுறமும் நீக்கிவிடலாம். எஞ்சுவது: 3⁴ ஆனது 1 ஐப் போலவே முடியவேண்டும். 3⁴ = 81; அவ்வாறே முடிகிறது.

இவ்வாதத்தில் 10 க்கோ 3 க்கோ தனிச்சிறப்பு எதுவும் இல்லை. n உடன் பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும், அதன் φ(n) ஆம் வலுவை n ஆல் வகுக்க மீதி 1 வரும். n முதன்மை எண்ணாக இருக்கும் வேளையில் φ(n) ஆனது n − 1 ஆகும். அந்நிலையை மட்டும் பிரான்சு தேசத்துத் துலூசு நகரின் நீதிமன்றத்தில் பதவி வகித்த பேர்மா 1640 ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் அறிவித்தார். நிறுவலை அனுப்பியிருப்பேன், அது மிக நீளும் என்று அஞ்சுகிறேன் என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவருக்கு அது வழக்கந்தான். எல்லா எண்களுக்கும் பொருந்தும் வடிவத்தை நிறுவியவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்த ஓயிலர். அக்கட்டுரை 1763 இல் அச்சேறியது. φ என்னும் எழுத்தை 1801 இல் வெளிவந்த தமது நூலில் வழங்கியவர் ஜேர்மானியரான கவுஸ். ஆங்கிலத்தில் இச்சார்புக்கு இன்று வழங்கும் 'டோஷியண்ட்' என்ற பெயரை 1879 இல் இட்டவர் சில்வெஸ்டர்.

இத்தேற்றம் கையில் இருந்தால் பெரிய வலுக்களைச் சுருக்குவது எளிது. 17²⁰²⁶ என்பதை எடுப்போம். அதை முழுவதாக எழுதினால் 2493 இலக்கங்கள் வரும். இப்பத்திரிகையின் ஒரு பத்தியில் அடங்காது. ஆனால் இறுதி இரண்டு இலக்கங்களை ஒரு நிமிடத்தில் காணலாம். 17 க்கும் 100 க்கும் பொதுக்காரணி இல்லை. ஆகவே 17⁴⁰ ஆனது 01 இல் முடியும். 2026 இல் 40 ஐம்பது முறை அடங்கும், எஞ்சுவது 26. ஆகவே 17²⁶ இன் இறுதி இரண்டு இலக்கங்கள் போதும். இப்பொழுது வர்க்கங்களாக ஏறுவோம். 17² = 289; 89 ஐ வைத்துக்கொள்வோம். 89² = 7921; எனவே 17⁴ முடிவது 21 இல். 21² = 441; எனவே 17⁸ முடிவது 41 இல். 41² = 1681; எனவே 17¹⁶ முடிவது 81 இல். 26 = 16 + 8 + 2 ஆதலின் 81, 41, 89 ஆகிய மூன்றையும் பெருக்கவேண்டும். 81 × 41 = 3321; 21 × 89 = 1869. விடை 69.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடியை 100 ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளலாம்: 117 ஆனாலும் 17 ஆனாலும் ஒன்றே. ஆனால் சுட்டி 100 இன் ஆட்சிக்கு உட்பட்டதன்று. சுட்டி எண்ணுவது எத்தனை முறை பெருக்கினோம் என்பதை; அது வேறொரு கடிகாரத்தில் ஓடுகிறது. அக்கடிகாரத்தின் சுற்றுத்தான் φ. இதனை மறந்து சுட்டியையும் n ஆலேயே வகுப்பது பழைய பிழை. இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்றிலிருந்து 2¹⁰ நாட்கள் கழிந்தால் என்ன கிழமை? கிழமைகள் 7 ஆதலின் சுட்டி 10 ஐ 7 ஆல் வகுத்து 3 என்று எடுத்தால் 2³ = 8, மீதி 1, திங்கட்கிழமை என்று வரும். φ(7) = 6; ஆகவே 6 ஆல் வகுத்து 4 என்று எடுக்கவேண்டும். 2⁴ = 16, மீதி 2, செவ்வாய்க்கிழமை. 2¹⁰ = 1024; அதில் 7 ஆனது 146 முறை அடங்க மீதி 2. செவ்வாயே சரி.

அவ்வாறாயின் சுட்டியை 100 ஆல் சுருக்கிய அண்ணன் செய்ததும் அதே பிழை அல்லவா? 40 ஐக் கொண்டு பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 100 இல் 40 நேராக அடங்காது. இருந்தும் விடை ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. இங்கேதான் தங்கையின் வினா சுவை பெறுகிறது.

100 ஐ 4 × 25 என்று பிரித்துக்கொள்வோம். இரட்டை எண்ணுமன்றி 5 இல் முடிவதுமன்றி உள்ள ஓர் அடியை எடுங்கள். 4 ஐப் பொறுத்தவரை φ(4) = 2; ஆகவே இரண்டாம் வலுவிலேயே மீதி 1 ஆகிவிடும். 25 ஐப் பொறுத்தவரை, 25 எண்களுள் 5 இன் மடங்குகள் ஐந்து நீங்க φ(25) = 20; ஆகவே இருபதாம் வலுவில் மீதி 1. இருபது என்பது இரட்டை எண். எனவே இருபதாம் வலுவை 4 ஆல் வகுத்தாலும் மீதி 1, 25 ஆல் வகுத்தாலும் மீதி 1. அவ்வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் எஞ்சுவது 4 ஆலும் 25 ஆலும் வகுபடும். அவ்விரண்டுக்கும் பொதுக்காரணி இல்லாமையால் 100 ஆலும் வகுபடும். ஆகவே 40 வரை காத்திருக்கத் தேவையில்லை. 20 லேயே எல்லாம் 01 க்குத் திரும்பிவிடுகின்றன. 3 ஐக் கொண்டே பாருங்கள்: 3¹⁰ = 59049; 49² = 2401; ஆகவே 3²⁰ முடிவது 01 இல். சில எண்கள் இன்னும் முந்திக்கொள்ளும்; 7⁴ = 2401 என்பதால் 7 க்கு நான்கே படிகள் போதும். ஓயிலரின் தேற்றம் இந்தச் சுற்றில் கட்டாயம் வீடு திரும்புவீர்கள் என்றுதான் உறுதி கூறுகிறது. அதற்கு முன் திரும்பமாட்டீர்கள் என்று கூறவில்லை.

100 இல் 20 ஐந்து முறை நேராக அடங்கும். ஆகவே சுட்டியிலிருந்து ஒரு 100 ஐத் தள்ளும்போது அண்ணன் அறியாமலே ஐந்து முழுச் சுற்றுகளைத் தள்ளுகிறார்; விடை மாறுவதில்லை. தங்கை 10 ஐத் தள்ளியபோது நடந்தது வேறு. இறுதி இலக்கத்தின் சுற்று 4. 10 இல் 4 நேராக அடங்காது, 2 எஞ்சும். 10 ஐத் தள்ளியவர் இரண்டு சுற்றும் அரையும் தள்ளிவிட்டார். ஆகவே 1 வரவேண்டிய இடத்தில் 9 வந்து நின்றது. இறுதி இலக்கம் வேண்டுவோரும் சுட்டியில் இரண்டு இலக்கங்களை வைத்துக்கொள்ளட்டும். 100 இல் 4 நேராக அடங்கும்.

மூன்று இலக்கங்கள் வேண்டுமாயின்? 1000 = 8 × 125. φ(8) = 4; 125 இல் 25 மடங்குகள் நீங்க φ(125) = 100. இரண்டுக்கும் பொதுவான சுற்று 100. ஆகவே இறுதி மூன்று இலக்கங்களைக் காண்பதற்கும் சுட்டியின் இறுதி இரண்டு இலக்கங்களே போதும். அண்ணன் இதை அறிந்தால் மகிழ்வார் என்று எண்ணுகின்றோம்.

எஞ்சியது 2¹⁰¹. இங்கே அடி இரட்டை எண். 100 உடன் அதற்கு உறவு உண்டு. 1, 3, 7, 9 என்ற வட்டத்தை 2 ஆல் பெருக்கினால் 2, 6, 4, 8 என்று எல்லோரும் வட்டத்தை விட்டே வெளியேறிவிடுவர். நாற்காலி மாற்றும் வாதம் இங்கே செல்லாது. 2 இன் எந்த வலுவும் 01 இல் முடியாது என்பதும் வெளிப்படை. இரட்டை எண் ஒற்றை இலக்கத்தில் எங்ஙனம் முடியும்? அண்ணனின் வழி 2¹⁰⁰ ஐ 2⁰ ஆக்கி 01 என்று விடை கூறுமாயின், அந்த விடையே தன் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். 02 என்பதும் அவ்வாறே: 2¹⁰¹ நிச்சயமாக 4 ஆல் வகுபடும், 02 இல் முடிவது எதுவும் 4 ஆல் வகுபடாது.

ஆயினும் நிலைமை கைமீறிப் போகவில்லை. மீண்டும் 4, 25 என்று பிரித்தே பார்ப்போம். 25 உடன் 2 க்கு உறவில்லை. ஆகவே அங்கே இருபது படிகளுக்கு ஒருமுறை சுற்று முழுமை பெறும். 2¹⁰¹ ஐ 25 ஆல் வகுத்த மீதி 2¹ ஐ வகுத்த மீதியே, அதாவது 2. 4 ஆல் வகுத்த மீதி 0. 25 ஆல் வகுக்க 2 எஞ்சும் ஈரிலக்க முடிவுகள் 02, 27, 52, 77. அவற்றுள் 4 ஆல் வகுபடுவது 52 ஒன்றே. மாணவி கண்ட விடை இதுதான்.

தவறியதற்குக் காரணம் என்ன? 2² முதல் எல்லா வலுக்களும் 4 ஆல் வகுபடுகின்றன; 2⁰ உம் 2¹ உம் மட்டும் வகுபடவில்லை. அவ்விரண்டும் சுற்றுக்குள் சேராதவை. வட்டப் பாதைக்கு இட்டுச்செல்லும் ஒழுங்கை போன்றவை. ஒழுங்கையில் ஒருமுறைதான் நடக்கலாம்; வட்டத்தில் ஏறிய பின்னர் அங்கே திரும்பி வருவதில்லை. 2² = 04; 2²² = 4194304, அதுவும் 04 இல் முடிகிறது. ஆனால் 2²¹ = 2097152; அது 52 இல் முடிகிறது, 02 இல் அன்று. 5 இன் மடங்குகளுக்கும் இதே நியாயம்: 5¹ முடிவது 05 இல், 5² முதல் எல்லாம் 25 இல்.

எனவே அண்ணனின் வழிக்கு நாம் இவ்வாறு ஓர் எல்லை வகுக்கலாம். அடி ஒற்றை எண்ணாகவும் 5 இல் முடியாததாகவும் இருந்தால் வழி ஒருபோதும் தவறாது. அடி இரட்டையாகவோ 5 இல் முடிவதாகவோ இருந்து, சுட்டியின் இறுதி இரண்டு இலக்கங்கள் 00 அல்லது 01 ஆக இருந்தால் மட்டுமே தவறக்கூடும். அவ்வேளையில் சுட்டியை 0 க்கோ 1 க்கோ இறக்காமல், ஒரு சுற்றை மிச்சம் வைத்து 20 அல்லது 21 என்று கொள்ளவேண்டும். 2²⁰ = 1048576; ஆகவே 2¹⁰⁰ முடிவது 76 இல்.

இக்கணக்கெல்லாம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள். φ ஐக் கொண்டு ஒரு பூட்டுச் செய்யலாம். 33 = 3 × 11 என்னும் எண்ணை எடுப்போம்; 33 இல் மூன்றிலொரு பங்கு நீங்க 22, அதில் பதினொன்றிலொரு பங்கு நீங்க 20. φ(33) = 20. 3 × 7 = 21 என்பது 20 ஐவிட ஒன்று கூடியது. உங்கள் இரகசியம் 4 என்று வைத்துக்கொள்வோம். அதை 3 ஆம் வலுவுக்கு உயர்த்தி 33 ஆல் வகுத்த மீதியை அனுப்புங்கள்: 64 இல் 33 போக 31. பெறுபவர் 31 ஐ 7 ஆம் வலுவுக்கு உயர்த்தவேண்டும். 31 என்பது 33 க்கு 2 குறைவு. ஆகவே அதனை −2 என்றே கொள்ளலாம். (−2)⁷ = −128; அதனோடு 132 ஐ, அதாவது நான்கு 33 களைக் கூட்டினால் 4. இரகசியம் திரும்பி வந்துவிட்டது. இரு செயல்களும் சேர்ந்து 4²¹ ஆகின்றன. 4²⁰ ஆனது 1 க்குத் திரும்ப, எஞ்சுவது அந்த 4 மட்டுமே.

33 ஐயும் 3 ஐயும் ஊரறியச் சொல்லிவிடலாம், எவரும் பூட்டலாம். திறக்க 7 வேண்டும். 7 ஐக் காண 20 வேண்டும். 20 ஐக் காண 33 இன் காரணிகள் தெரியவேண்டும். 33 இல் அது குழந்தை விளையாட்டு. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இரண்டு முதன்மை எண்களைப் பெருக்கி வைத்தாலோ, பெருக்கத்தை மட்டும் பார்த்து φ ஐக் காண்பதும் காரணிகளைக் காண்பதும் ஒரே கடினம் உடையன. 91 உம் φ(91) = 72 உம் தெரிந்தவருக்கு 91 − 72 + 1 = 20 என்பது காரணிகளின் கூட்டுத்தொகை; கூட்டினால் 20, பெருக்கினால் 91 வருவன 7 உம் 13 உம். ஆகவே ஒன்றை அறிந்தவர் மற்றதையும் அறிந்தவரே. இந்தப் பூட்டை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் 1977 இல் அமெரிக்காவில் அமைத்தனர். பிரித்தானிய அரசின் இரகசிய நிலையமொன்றில் பணியாற்றிய கிளிபோர்ட் கொக்ஸ் 1973 இலேயே இதனைக் கண்டிருந்தார் என்பது 1997 வரை வெளிவரவில்லை. இதற்கெனச் சவாலாக வெளியிடப்பட்ட எண்களுள் 250 இலக்கங்கள் கொண்ட ஒன்று 2020 இல் காரணிப்படுத்தப்பட்டது. அதற்கே பல ஆயிரம் கணினிகளின் உழைப்பு வேண்டியிருந்தது. வழக்கிலுள்ள பூட்டுகளில் 617 இலக்க எண்கள் உண்டு.

நேயர்களுக்கு ஒரு கணக்கு: 7⁹ என்பதைச் சுட்டியாகக் கொண்டு 3 ஐ உயர்த்தினால் வரும் எண்ணின் இறுதி இரண்டு இலக்கங்கள் யாவை? 7⁹ ஐ முழுவதும் பெருக்காமலே காணவேண்டும். விடை அடுத்த ஞாயிறு.